ஜெல்லில் கோடு விழவில்லை என்றால் ஆன்டிபாடி இல்லை என்று அர்த்தமா? ஆன்டிஜன், இம்யூனோஜன், ஹாப்டன் குழப்பம்

வைகைக்கரை · திங்கள், இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி முதல் வருடம். ஆன்டிஜன், ஆன்டிபாடி, இம்யூனோஜன், ஹாப்டன், அலர்ஜன் இந்த ஐந்தையும் தனித்தனியாகக் கேட்டால் சொல்லிவிடுவேன், ஒரே கேள்வியில் சேர்த்துக் கேட்டால் எல்லாம் குழம்பிவிடுகிறது. போன வாரம் பிராக்டிகலில் அது அப்படியே வெளியே வந்தது.

செய்தது இதுதான். ஸ்லைடில் 1 சதவீத அகரோஸ் ஜெல் ஊற்றி, நடுவில் ஒரு குழி, சுற்றி ஆறு குழி. நடுக்குழியில் முயல் சீரம். அந்த முயலுக்கு டி.என்.பி. என்ற சின்ன வேதிப்பொருளை ஒட்டிய மாட்டு ஆல்புமினை ஊசி போட்டிருக்கிறார்கள். சுற்றிலும் முதல் குழியில் அதே டி.என்.பி.-ஆல்புமின், இரண்டில் வெறும் மாட்டு ஆல்புமின், மூன்றில் டி.என்.பி. ஒட்டிய முட்டைப் புரதம், நான்கில் வெறும் முட்டைப் புரதம், ஐந்தில் டி.என்.பி.-லைசின், அதாவது ஹாப்டன் மட்டும், ஆறில் சலைன். ஈரப் பஞ்சு வைத்த டப்பாவில் இரவு முழுக்க வைத்துவிட்டுக் காலையில் பார்த்தால் 1, 2, 3-க்கு எதிரே வெள்ளைக் கோடு. 4, 5, 6-க்கு ஒன்றும் இல்லை.

நான் ரெக்கார்டில் எழுதியது: "ஐந்தாம் குழிக்கு எதிரே கோடு இல்லை. எனவே ஹாப்டனுக்கு எதிரான ஆன்டிபாடி சீரத்தில் இல்லை. எனவே ஹாப்டன் ஆன்டிஜன் அல்ல." மேடம் இரண்டு "எனவே"யையும் சிவப்பில் அடித்துவிட்டு "யோசி" என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். மூன்று நாளாக யோசிக்கிறேன். கோடு இல்லை என்பது கண்ணுக்குத் தெரிகிறதே, அதில் என்ன தப்பு?

கண்ணாடிக்குழாய் · திங்கள், இரவு 9.40

தப்பே இல்லையே. ஹாப்டன் ரொம்பச் சின்ன மூலக்கூறு, உடம்பு அதைக் கண்டுகொள்ளாது, அதனால் ஆன்டிபாடி வராது. ஆன்டிபாடி வரவழைப்பதுதான் ஆன்டிஜன். பெயரிலேயே இருக்கிறது, ஆன்டிபாடியை ஜெனரேட் செய்வது ஆன்டிஜன். ஹாப்டன் வரவழைக்காது, எனவே ஆன்டிஜன் இல்லை. இம்யூனோஜன் என்பது ஆன்டிஜனுக்கே இன்னொரு பெயர், அலர்ஜன் என்பது அலர்ஜிக்காரர்களுக்கான ஆன்டிஜன். நான் பரீட்சையில் இப்படித்தான் எழுதினேன், மார்க் வந்தது.

சீரம்_அக்கா · திங்கள், இரவு 10.25

கண்ணாடிக்குழாய் தம்பி, நீங்கள் சொன்னதில் பாதி சரி. ஹாப்டன் தனியாகப் போனால் ஆன்டிபாடி வராது, உண்மை. மீதிப் பாதி இந்தப் பொண்ணின் ஸ்லைடிலேயே உடைகிறது. மூன்றாம் குழியைப் பாருங்கள். முட்டைப் புரதத்தை அந்த முயல் பார்த்ததே இல்லை, அதனால்தான் நான்காம் குழியில் கோடு இல்லை. அதே முட்டைப் புரதத்தில் டி.என்.பி.-யை ஒட்டியதும் கோடு வந்துவிட்டது. அப்படியென்றால் சீரத்தில் இருக்கும் ஆன்டிபாடி எதைப் பிடித்தது? டி.என்.பி.-யைத்தான். சீரத்தில் ஹாப்டனுக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கிறது என்று மூன்றாம் குழி சொல்கிறது, ஐந்தாம் குழி இல்லை என்பது போல் காட்டுகிறது. இரண்டும் ஒரே சீரம்.

வைகைக்கரை, இப்போது ஒன்று கேட்கிறேன். அந்த வெள்ளைக் கோடு என்பது என்ன?

வைகைக்கரை · திங்கள், இரவு 10.31

ஆன்டிஜனும் ஆன்டிபாடியும் சேர்ந்தது அக்கா.

சீரம்_அக்கா · திங்கள், இரவு 10.58

அங்கேதான் வழுக்குகிறது. சேர்ந்தால் மட்டும் கோடு விழாது, வலை பின்னினால்தான் விழும். ஐஜிஜி ஆன்டிபாடிக்கு இரண்டு கை. ஒரு கையால் ஒரு டி.என்.பி.-ஆல்புமினைப் பிடிக்கிறது, இன்னொரு கையால் பக்கத்து ஆல்புமினைப் பிடிக்கிறது. அந்த ஆல்புமின் மேலும் பத்து இருபது டி.என்.பி. ஒட்டியிருப்பதால் வேறு ஆன்டிபாடிகள் வந்து அதைப் பிடிக்கும். இப்படி வலை பெருத்துப் பெருத்து, நீரில் கரைந்திருக்க முடியாமல் படிந்துவிடும். அதுதான் உங்கள் வெள்ளைக் கோடு.

டி.என்.பி.-லைசினில் பிடிப்பதற்கு ஒரே ஒரு பிடி. ஆன்டிபாடி அதைப் பிடித்துக்கொள்கிறது, நன்றாகவே பிடித்துக்கொள்கிறது, ஆனால் அந்தச் சின்ன மூலக்கூறில் இன்னொரு ஆன்டிபாடி பிடிக்க இடமில்லை. வலை இல்லை, கோடும் இல்லை. எடையை நினைத்துப் பாருங்கள். டி.என்.பி.-லைசின் சுமார் 312 டால்டன், ஐஜிஜி சுமார் 1,50,000. யானையின் துதிக்கையில் ஒரு கொய்யாப் பழம் இருப்பது மாதிரி. தூரத்திலிருந்து பார்த்தால் யானை வெறுங்கையோடு நிற்பதாகத்தான் தெரியும்.

ஆக, ஐந்தாம் குழி சொல்வது "வலை பின்னவில்லை" என்பதை மட்டுமே. "பிடிக்கவில்லை" என்று அது சொல்லவே இல்லை. மேடம் முதல் "எனவே"யை அடித்தது அதற்கு.

நல்லூர்க்கந்தன் · செவ்வாய், காலை 7.15

யாழ்ப்பாணத்திலிருந்து. கண்ணாடிக்குழாய் தம்பி "பெயரிலேயே இருக்கிறது" என்று சொன்னதில்தான் சிக்கல் முழுக்கக் கிடக்கிறது. எங்கட பாடப்புத்தகத்தில் ஆன்டிபாடிக்குப் பிறபொருளெதிரி, ஆன்டிஜனுக்குப் பிறபொருளெதிரியாக்கி என்று படித்தோம். உங்கள் பக்கம் எதிர்ப்பொருள், எதிர்ப்பொருள் தூண்டி என்று போடுகிறார்கள். "ஆக்கி", "தூண்டி" இரண்டுமே உண்டாக்குகிற வேலையைச் சொல்லும் பெயர்கள். ஆன்டிஜன் என்ற சொல்லும் அந்தக் காலத்தில் அந்தக் கருத்தில் பிறந்ததுதான். ஆனால் இன்றைக்கு ஆன்டிஜன் என்று சொல்வதற்கு உண்டாக்கத் தேவையில்லை, ஆன்டிபாடியால் பிடிபட்டாலே போதும். உண்டாக்குவதற்கு இம்யூனோஜன் என்று தனிப் பெயர் வந்துவிட்டது. அதனால் நம்முடைய "பிறபொருளெதிரியாக்கி" உண்மையில் இம்யூனோஜனுக்குப் பொருந்துகிற பெயர். நான் மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கும்போது ஆன்டிஜனைப் "பிடிபடுவது", இம்யூனோஜனைக் "கிளப்பிவிடுவது" என்று சொல்லித்தான் தொடங்குவேன். கிளப்பிவிடுவது எல்லாம் பிடிபடும். பிடிபடுவது எல்லாம் கிளப்பிவிடாது.

கண்ணாடிக்குழாய் · செவ்வாய், காலை 8.02

சரி, ஒத்துக்கொள்கிறேன், ஹாப்டன் பிடிபடுகிறது. அப்படியானால் அது ஏன் கிளப்பிவிடுவதில்லை? பி செல்லின் மேலேயும் அதே ஆன்டிபாடிதானே ரிசெப்டராக இருக்கிறது? டி.என்.பி. போய் அதில் ஒட்டினால் பி செல் எழுந்துகொள்ள வேண்டாமா? "சின்னது, அதனால் முடியாது" என்று மட்டும் சொல்லாதீர்கள், அது காரணம் மாதிரி இல்லை.

சீரம்_அக்கா · செவ்வாய், மதியம் 1.20

நல்ல கேள்வி. சின்னது என்பது மட்டும் காரணம் இல்லைதான். பி செல் ஹாப்டனைப் பிடிக்கும், ஆனால் அதற்கு மேல் போக டி செல்லின் துணை வேண்டும். டி செல்லுக்கு டி.என்.பி.-யைக் காட்டிப் பயனில்லை, அது பார்ப்பது பெரும்பாலும் புரதத்தின் துண்டுகளை. டி.என்.பி.-ஆல்புமினாக இருந்தால் பி செல் டி.என்.பி. வழியாகப் பிடித்து மொத்தத்தையும் உள்ளே இழுத்து, ஆல்புமினை நறுக்கி, அந்தத் துண்டை வெளியே காட்டும். ஆல்புமின் துண்டை அடையாளம் கண்ட டி செல் வந்து தட்டிக்கொடுக்கும். பி செல் பெருகி ஆன்டிபாடி சுரக்கும். அந்த ஆன்டிபாடி எதற்கு எதிரானது? பி செல் முதலில் பிடித்தது எதையோ அதற்கு, அதாவது டி.என்.பி.-க்கு. ஆல்புமினை முதலில் பிடித்த வேறு பி செல்களும் இருக்கும், அதனால் ஆல்புமினுக்கு எதிரான ஆன்டிபாடியும் அதே சீரத்தில் வரும். உங்கள் இரண்டாம் குழிக் கோடு அதுதான்.

ஹாப்டன் தனியாகப் போனால் நறுக்கிக் காட்டப் புரதம் இல்லை. அது மட்டுமல்ல, ஒரே ஒரு பிடி என்பதால் பி செல்லின் மேலுள்ள ரிசெப்டர்களை ஒன்றோடொன்று இழுத்துக் கட்டவும் முடியாது. ஜெல்லில் வலை பின்ன முடியாததும் இங்கே பி செல்லை எழுப்ப முடியாததும் ஒரு பகுதி ஒரே காரணம்.

இன்னொன்று. இம்யூனோஜன் என்பது பொருளின் குணம் மட்டும் இல்லை, யாருக்குக் கொடுக்கிறோம் என்பதும் சேர்ந்தது. முயல் ஆல்புமினை அதே முயலுக்குப் போட்டால் ஒன்றும் வராது, ஆட்டுக்குப் போட்டால் ஆன்டிபாடி வரும். பாட்டிலில் இருப்பது அதே புரதம்தான். ஆகவே "இது இம்யூனோஜனா" என்று யாராவது கேட்டால் "யாருக்கு, எந்த வழியாக, எவ்வளவு, கூட என்ன கலந்து" என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

மல்லிகைப்பந்தல் · செவ்வாய், மாலை 4.45

மன்னிக்கவும், நான் மாணவி இல்லை, என் மகள் இந்தப் பக்கத்தைக் காட்டினாள். எனக்கு எட்டு வயதில் தொண்டை வலிக்குப் பென்சிலின் கொடுத்து மூன்றாம் நாள் உடம்பெல்லாம் சிவப்பாகத் தடித்துவிட்டது. அன்றிலிருந்து "பென்சிலின் அலர்ஜி" என்று எல்லாச் சீட்டிலும் எழுதுகிறார்கள். இப்போது 52 வயது. பல் பிடுங்கப் போனாலும் வேறு ஆன்டிபாடி மாத்திரைதான் தருகிறார்கள், அது வயிற்றைப் புரட்டுகிறது. இங்கே ஆன்டிபாடி பற்றிப் பேசுகிறீர்களே, எந்த ஆன்டிபாடி வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளும்?

சீரம்_அக்கா · செவ்வாய், மாலை 5.30

அம்மா, உங்களுக்குத் தருவது ஆன்டிபயாடிக், கிருமியைக் கொல்லும் மருந்து. நாங்கள் பேசுவது ஆன்டிபாடி, அது நம் உடம்பே செய்து ரத்தத்தில் விடும் புரதம். காதில் ஒன்று போல விழும், நிறையப் பேர் மாற்றிச் சொல்வார்கள். மாத்திரை எது ஒத்துக்கொள்ளும் என்பதை உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் நீங்கள் கேட்டது இந்த இழைக்கு வெளியே இல்லை அம்மா, பென்சிலின் ஒரு ஹாப்டன்.

பென்சிலின் ஜி வெறும் 334 டால்டன். தனியாக அது உடம்பைக் கிளப்பிவிடாது. ஆனால் அதன் நடுவில் பீட்டா-லாக்டம் என்று நான்கு அணு வளையம் ஒன்று இறுக்கத்தோடு வளைந்து நிற்கிறது. ரத்தத்தில் புரதங்களின் லைசின் மேல் மோதினால் வளையம் திறந்து, அந்த லைசினோடு நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய அந்த உருவத்துக்குப் பென்சிலாயில் என்று பெயர். இந்தப் பொண்ணின் லேபில் டி.என்.பி.-யை ஆல்புமினில் யாரோ ஒட்டித் தந்தார்கள். பென்சிலின் போட்ட உடம்பில் அந்த ஒட்டும் வேலை தானாக நடக்கிறது. நம் ஆல்புமினே கேரியர், அதாவது ஹாப்டனைச் சுமக்கும் புரதம்.

ஊசிமுனை · செவ்வாய், இரவு 8.10

நான் வார்டு நர்ஸ், 14 வருடம். டெஸ்ட் டோஸ் தினமும் போடுகிறேன். தோலுக்குள் சின்னக் கொப்புளமாக ஏற்றி, பேனாவால் வட்டம் போட்டு, 15-20 நிமிடம் கழித்துப் பார்ப்போம். ஒரு பையனுக்கு ஒன்றுமே வரவில்லை, மருந்து ஏற்றினோம், அன்றைக்கும் நன்றாக இருந்தான், மூன்றாம் நாள் முதுகெல்லாம் சிவந்துவிட்டது. அவன் அம்மா என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியவில்லை. நான் சரியாகத்தான் போட்டேன், சரியாகத்தான் பார்த்தேன். அப்படியென்றால் டெஸ்ட் டோஸ் எதைத்தான் காட்டுகிறது?

சீரம்_அக்கா · செவ்வாய், இரவு 9.35

ஊசிமுனை, நீங்கள் தவறு செய்யவில்லை. அந்தச் சோதனை ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும்: பென்சிலினுக்கு எதிரான ஐஜிஇ ஆன்டிபாடி இவருடைய தோல் மாஸ்ட் செல்களின் மேல் உட்கார்ந்திருக்கிறதா? இருந்தால் 20 நிமிடத்துக்குள் தடிப்பு. மூன்றாம் நாள் வருகிற சிவப்பு பெரும்பாலும் டி செல் வேலை, அதில் ஐஜிஇ இல்லை. 20 நிமிடத்தில் அது தெரிய வழியே இல்லை. சில நேரம் அந்தக் காய்ச்சலைத் தந்த வைரஸே தடிப்பையும் தந்திருக்கும்.

இதில் வைகைக்கரைக்கு ஒரு விஷயம் இருக்கிறது. மாஸ்ட் செல் வெடிக்க வேண்டுமானால் அதன் மேலுள்ள இரண்டு ஐஜிஇ-க்களைச் சேர்த்து இழுத்துக் கட்ட வேண்டும். ஒரே ஒரு பிடியுள்ள வெறும் பென்சிலின் அதைச் செய்ய முடியாது, உங்கள் ஐந்தாம் குழி மாதிரியேதான். தோலில் இருக்கும் புரதத்தோடு ஒட்டி, பல பிடி உள்ளதாக ஆன பிறகே முடியும். அதனால்தான் முறையான சோதனைக்குப் பென்சிலாயில்-பாலிலைசின் என்று ஒன்றைச் செய்தார்கள். ஒரு லைசின் சங்கிலி, அதில் நிறையப் பென்சிலாயில்கள் தொங்கும். வெறும் பென்சிலின் மட்டும் போட்டுப் பார்த்தால் ஐஜிஇ இருக்கும் சிலரையே தவறவிட்டுவிடலாம்.

மல்லிகைப்பந்தல் அம்மாவுக்கு: மூன்றாம் நாள் தடிப்பு, மூச்சுத்திணறல் இல்லை, 44 வருடம் ஆகிவிட்டது. பென்சிலின் அலர்ஜி என்று சீட்டில் எழுதியிருப்பவர்களை முறையாகச் சோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அது ஒத்துக்கொள்கிறது, உண்மையாகவே ஐஜிஇ இருந்தவர்களில்கூட 10 வருடத்தில் சுமார் 80 சதவீதம் பேருக்கு அது மறைந்துவிடுகிறது. அலர்ஜி பார்க்கும் டாக்டரிடம் போய்ச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் ஒரு மாத்திரை போட்டுப் பார்க்க வேண்டாம், தயவுசெய்து. அந்தத் தடிப்பில் கொப்புளம் வெடித்ததா, தோல் உரிந்ததா, வாய் புண்ணானதா என்று உங்கள் அம்மாவுக்கு நினைவிருந்தால் டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். அப்படி இருந்தால் மறுபடி கொடுத்தே பார்க்க மாட்டார்கள்.

மல்லிகைப்பந்தல் · செவ்வாய், இரவு 10.05

தோல் உரியவில்லை, அது மட்டும் நினைவிருக்கிறது. மற்றதை அண்ணனிடம் கேட்கிறேன். ஆன்டிபாடி, ஆன்டிபயாடிக் இரண்டும் ஒன்று என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன். நன்றி.

நல்லூர்க்கந்தன் · புதன், காலை 6.50

அலர்ஜன் என்ற சொல்லை இங்கே எங்கே வைப்பது? சீரம் அக்கா, பென்சிலின் அலர்ஜனா, பென்சிலின் ஒட்டிய ஆல்புமின் அலர்ஜனா? நோயாளியிடம் கதைக்கும்போது பென்சிலின் என்கிறோம், பொறிமுறையைப் பார்த்தால் ஒட்டியதுதான். அடுத்தது, மலிவான தோடு போட்டால் காது புண்ணாகிறதே, நிக்கல். அதைத் தோல் டாக்டர்கள் காண்டாக்ட் அலர்ஜன் என்கிறார்கள். அதில் ஐஜிஇ-யும் இல்லை, எந்த ஆன்டிபாடியும் முக்கியமில்லை, முழுக்க டி செல். ஐஜிஇ-யைத் தூண்டுவதே அலர்ஜன் என்று மாணவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு நிக்கலை எந்தப் பெட்டியில் போடுவது?

சீரம்_அக்கா · புதன், மதியம் 12.40

எனக்கு இரண்டு வழக்கும் காதில் விழுந்திருக்கிறது, இரண்டு பக்கமும் நல்ல ஆட்கள் இருக்கிறார்கள். நான் அலர்ஜனை "யாருக்கு அலர்ஜியைக் கிளப்புகிறதோ அவருக்கு அலர்ஜன்" என்று வைத்துக்கொள்கிறேன், ஐஜிஇ-யோடு கட்டிப்போடுவதில்லை. வேர்க்கடலைப் புரதம் எல்லோருக்கும் அந்நியப் புரதம்தான், எல்லோர் வயிற்றுக்குள்ளும் போகிறது, சிலருக்கு மட்டும் அலர்ஜன். ஆகவே கண்ணாடிக்குழாய் சொன்ன "அலர்ஜிக்காரர்களுக்கான ஆன்டிஜன்" கிட்டத்தட்ட சரிதான்.

ஊசிமுனை · புதன், மதியம் 2.15

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வார்டில் ஐஜிஇ உள்ளதா இல்லையா என்பதுதான் உயிர் போகிற வித்தியாசம். சீட்டில் "அலர்ஜி" என்று ஒரே சொல்லை எழுதிவிட்டால் மூன்றாம் நாள் சிவப்பும் ஐந்தாம் நிமிட மயக்கமும் ஒரே மாதிரி ஆகிவிடுகிறது. அந்த அம்மாவுக்கு 44 வருடம் நடந்தது அதுதானே. சொல்லை இறுக்கமாக வைத்திருந்தால் என்ன கெட்டுப்போகும்?

நல்லூர்க்கந்தன் · புதன், மாலை 6.30

அது சொல்லின் பிழையா, சீட்டில் "எத்தனை நிமிடத்தில், என்ன வந்தது" என்று எழுதாத பிழையா? எனக்கு இரண்டாவது என்றுதான் படுகிறது. ஆனால் வார்டில் நிற்பவர் நீங்கள்.

வைகைக்கரை · வியாழன், மாலை 5.05

நான் மறுபடி வந்துவிட்டேன், குழப்பத்தோடுதான். "பிடிக்கிறது, ஆனால் வலை பின்னவில்லை" என்பதை மேடத்திடம் சொன்னேன். "அதை எப்படி நிரூபிப்பாய்" என்று கேட்டார்கள். ஹாப்டனை முதலில் சீரத்தில் கலந்து ஆன்டிபாடியின் கைகளை நிரப்பிவிட்டால், அப்புறம் புரதம் ஒட்டியதைப் போட்டாலும் படியக்கூடாது என்று சொன்னேன். சரி, செய் என்றார்கள். சின்னக் குழாயில் 100 மைக்ரோலிட்டர் சீரம், அதில் 20 மைக்ரோலிட்டர் டி.என்.பி.-லைசின், அரை மணி நேரம் கழித்து 100 மைக்ரோலிட்டர் டி.என்.பி.-ஆல்புமின். ஹாப்டனுக்குப் பதில் சலைன் போட்ட குழாயும் ஒன்று. 37 டிகிரியில் ஒரு மணி நேரம், அப்புறம் ராத்திரி ஃபிரிட்ஜில். இன்று காலையில் இரண்டு குழாயிலும் படிவு. ஹாப்டன் எதையுமே தடுக்கவில்லை. அப்படியென்றால் நான் முதலில் எழுதியதுதான் சரியா?

கண்ணாடிக்குழாய் · வியாழன், மாலை 5.40

ஹாப்டன் பத்தவில்லை, அவ்வளவுதான். இன்னும் நிறையப் போட்டுப் பாருங்கள்.

சீரம்_அக்கா · வியாழன், இரவு 8.50

கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் தம்பி. வைகைக்கரை, உங்கள் டி.என்.பி.-லைசின் எத்தனை மில்லிமோலார்?

வைகைக்கரை · வியாழன், இரவு 8.56

10 மில்லிமோலார் அக்கா.

சீரம்_அக்கா · வியாழன், இரவு 9.30

20 மைக்ரோலிட்டரில் 200 நானோமோல் இருக்கிறது. சீரத்தில் டி.என்.பி.-க்கு எதிரான ஆன்டிபாடி மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 100 மைக்ரோலிட்டரில் 0.1 மில்லிகிராம். 1,50,000-ஆல் வகுத்தால் சுமார் 0.67 நானோமோல் ஆன்டிபாடி, ஆளுக்கு இரண்டு கை, ஆக 1.3 நானோமோல் கை. நீங்கள் போட்டது அதைப்போல 150 மடங்கு. ஆன்டிபாடி நான் நினைத்ததைவிட ஐந்து மடங்கு இருந்தாலும் போதும். ஹாப்டன் பத்தாமல் இல்லை.

நீங்கள் அப்புறம் போட்டது எது என்று பாருங்கள். டி.என்.பி.-ஆல்புமின். அந்த முயல் ஆல்புமினையும் பார்த்திருக்கிறது! இரண்டாம் குழியில் கோடு வந்ததை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். டி.என்.பி. ஆன்டிபாடிகளின் கை நிரம்பிவிட்டது, ஆனால் ஆல்புமினைப் பிடிக்கும் ஆன்டிபாடிகளின் கை காலியாகத்தான் இருக்கிறது, அவை போய் வலை பின்னிவிட்டன. அந்தப் படிவு ஹாப்டனைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை.

கேரியரை மாற்றுங்கள். டி.என்.பி. ஒட்டிய முட்டைப் புரதம் போடுங்கள், அங்கே பொதுவாக இருப்பது டி.என்.பி. மட்டும். மூன்று குழாய் வையுங்கள்: சலைன், டி.என்.பி.-லைசின், அதே அளவு வெறும் லைசின். வெறும் லைசின் தடுக்கக்கூடாது. தடுத்தால் பஃபரிலோ உப்பிலோ ஏதோ கோளாறு.

இரண்டு எச்சரிக்கை. டி.என்.பி. மஞ்சள் நிறம், குழாயே மஞ்சளாக இருக்கும், கலங்கலைக் கண்ணால் பார்த்து ஏமாறாதீர்கள். சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, அடியில் பெல்லட் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் முட்டைப் புரதம் அளவுக்கு மிஞ்சிப் போய்விட்டால் ஒவ்வொரு ஆன்டிபாடியும் தனித்தனியாக நிரம்பி, ஹாப்டன் இல்லாமலேயே படிவு வராது. அதனால் முதலில் சலைன் குழாயில் நல்ல பெல்லட் வருகிற அளவைக் கண்டுபிடித்து, அந்த அளவில் மட்டும் சோதனையைச் செய்யுங்கள். ஜெல்லில் இதைச் செய்ய வேண்டாம், ஹாப்டன் சின்னது, ஜெல்லுக்குள் விறுவிறுவென்று பரவிச் சீரத்தை விட்டுப் போய்விடும்.

நல்லூர்க்கந்தன் · வியாழன், இரவு 10.15

ஹாப்டனுக்கு 1921-ல் பெயர் வைத்த கார்ல் லாண்ட்ஸ்டைனர் செய்தது இந்த மாதிரிச் சோதனைகளைத்தான். ரத்த வகைகளுக்கு 1930-ல் நோபல் வாங்கியவர். பென்சீன் வளையத்தில் ஒரே தொகுதியை ஆர்த்தோ, மெட்டா, பாரா என்று இடம் மாற்றிப் புரதத்தில் ஒட்டிப் பார்த்தார். மெட்டாவுக்கு எதிராக வந்த ஆன்டிபாடி மற்ற இரண்டையும் நன்றாகப் பிடிக்கவில்லை. அவ்வளவு நுணுக்கமாகப் பிடிக்கும் ஒன்றைப் பார்த்துத்தான் வைகைக்கரை "இல்லை" என்று எழுதியிருக்கிறாள். ஹாப்டன் என்ற பெயரே கிரேக்கத்தில் பற்றிக்கொள்வதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது.

ஊசிமுனை · வெள்ளி, காலை 6.20

நைட் டியூட்டி முடிந்து படிக்கிறேன். பென்டாவேலண்ட் தடுப்பூசியில் ஹிப் இருக்கிறதே, அந்தக் கிருமியின் சர்க்கரைச் சங்கிலியைப் புரதத்தில் ஒட்டித்தான் தருகிறோம் என்று பயிற்சியில் சொன்னார்கள். 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்தான் முதலில் வந்தது, அப்போது நான் குழந்தைகளுக்குப் போட்டிருக்கிறேன். அந்தச் சர்க்கரையும் ஹாப்டன்தானா?

சீரம்_அக்கா · வெள்ளி, காலை 9.10

வேலை அதே வேலைதான். சர்க்கரையைப் பிடித்த பி செல், ஒட்டிய புரதத்தை நறுக்கி டி செல்லுக்குக் காட்டும். ஆனால் நான் அதை ஹாப்டன் என்று சொல்ல மாட்டேன். அது நீளமான சங்கிலி, ஒரே உருவம் திரும்பத் திரும்ப வருகிறது, பல பிடி உண்டு. பெரியவர்களுக்கு அதைத் தனியாகப் போட்டாலே ஆன்டிபாடி வரும். ஒன்றரை வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குத்தான் தனியாகப் போட்டால் சரியாக வராது.

நல்லூர்க்கந்தன் · வெள்ளி, காலை 9.45

அப்போ அந்தக் குழந்தைக்கு மட்டும் அது ஹாப்டன் மாதிரி என்று சொல்லலாம் அல்லவா? நீங்கள்தானே "யாருக்கு" என்று கேட்கச் சொன்னது.

சீரம்_அக்கா · வெள்ளி, காலை 10.02

இம்யூனோஜனுக்கு "யாருக்கு" என்று கேட்கலாம். ஹாப்டனுக்கும் கேட்கலாமா என்பதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. சில புத்தகங்களில் நீங்கள் சொல்வது மாதிரியும் எழுதியிருக்கும்.

வைகைக்கரை · சனி, மாலை 4.30

செய்துவிட்டேன். முட்டைப் புரத அளவைக் கண்டுபிடிக்கவே ஐந்து குழாய் போனது, அதிகமாகப் போட்ட கடைசிக் குழாயில் அக்கா சொன்ன மாதிரி சலைனிலேயே பெல்லட் வரவில்லை. சரியான அளவில் சுற்றிப் பார்த்தேன். சலைன் குழாயின் அடியில் கடுகு அளவுக்கு மஞ்சள் பெல்லட். வெறும் லைசின் குழாயிலும் அதே அளவு. டி.என்.பி.-லைசின் குழாயின் அடியில் ஒன்றும் இல்லை. குழாயைச் சாய்த்து, விளக்குக்கு நேரே பிடித்து, மூன்று முறை பார்த்தேன், மேல் திரவம் மட்டும் மஞ்சளாக இருந்தது.

ரெக்கார்டில் பழையதை அடிக்காமல் அடியில் எழுதியிருக்கிறேன்: "ஐந்தாம் குழியில் ஹாப்டன் ஆன்டிபாடியால் பிடிக்கப்பட்டது, ஒரே பிடி என்பதால் படியவில்லை. ஹாப்டன் ஆன்டிஜன், இந்த முயலுக்குத் தனியாக இம்யூனோஜன் அல்ல." மேடம் "தனியாக இம்யூனோஜன் அல்ல என்பதற்கு உன் சோதனையில் ஆதாரம் எங்கே" என்று கேட்டுவிட்டார்கள். யோசித்தால் உண்மைதான், வெறும் டி.என்.பி.-லைசின் ஊசி போட்ட முயலின் சீரம் என்னிடம் இல்லை. யாராவது அதைச் செய்து பார்த்திருக்கிறீர்களா?

கண்ணாடிக்குழாய் · சனி, மாலை 5.15

எங்கள் கல்லூரியில் முயலே வைக்க அனுமதி இல்லை. ஆனால் ஒன்று, நானும் அந்த ஐந்தாம் குழியைப் பார்த்து "இல்லை" என்றுதான் எழுதினேன், எனக்கு முழு மார்க் போட்டார்கள். திங்கட்கிழமை ரெக்கார்டை எடுத்துக்கொண்டு போய்க் கேட்கப்போகிறேன்.